2026–27 கல்வியாண்டு மாணவர் சேர்க்கை: பெற்றோருக்கான தகவல் தொகுப்பு

பக்கம் 1: வணக்கம்

கும்பகோணத்தில் எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை நடைபெற்று வரும் எங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் தங்கள் குழந்தையைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்காக இத்தொகுப்பு அணியமாக்கப்பட்டுள்ளது. சேர்க்கைக் காலத்தில் அலுவலகத்தில் நின்று கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கும், குறிப்பாகப் பணம் பற்றிய கேள்விகளுக்கும், இங்கேயே விடை இருக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். படித்து முடித்த பின் முடிவெடுத்தால் போதும். முன்பதிவுத் தொகை என்று எதுவும் நாங்கள் பெறுவதில்லை.

பக்கம் 2: இடங்களும் வயது வரம்பும்

எல்.கே.ஜி.யில் இரண்டு பிரிவுகளாக 60 இடங்கள் உள்ளன. கல்வி உரிமைச் சட்டப்படி நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு, அதாவது 15 இடங்கள், நலிவடைந்த மற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உரியவை. எஞ்சிய 45 இடங்களுக்கு இத்தொகுப்பில் உள்ள நடைமுறை பொருந்தும். முதல் வகுப்பில் 8 இடங்களும் ஆறாம் வகுப்பில் 20 இடங்களும் காலியாக உள்ளன. பத்தாம் வகுப்பில் புதிய சேர்க்கை கிடையாது.

எல்.கே.ஜி.க்கு 1.8.2022 முதல் 31.7.2023 வரையிலும், முதல் வகுப்புக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரையிலும் பிறந்த குழந்தைகள் விண்ணப்பிக்கலாம். ஓரிரு நாள் குறைகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் வருகிறார்கள். அவர்களின் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது என்றாலும், ஒருவருக்குத் தளர்த்தினால் மற்றவருக்கு மறுக்க முடியாது என்பதால் இதில் விலக்கு அளிப்பதில்லை.

பக்கம் 3: தேர்வு இல்லை, குலுக்கல் உண்டு

குழந்தைக்கு நுழைவுத் தேர்வோ, பெற்றோருக்கு நேர்காணலோ நடத்தப்படமாட்டாது. இரண்டையும் நன்கொடையையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. விண்ணப்பங்கள் இடங்களைவிடக் கூடுதலாக வந்தால், ஏற்கெனவே இங்கு படிக்கும் குழந்தைகளின் உடன்பிறந்தோருக்கு முதலில் இடம் ஒதுக்கப்பட்டு, மீதமுள்ள இடங்களுக்குப் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடைபெறும். எண் எழுதிய வில்லைகளை மண்பானையில் இட்டு, வந்திருக்கும் குழந்தைகளையே மாறி மாறி எடுக்கச் சொல்வது வழக்கம். குலுக்கலுக்கு வர இயலாதவர்களின் எண்ணும் பானையில் இருக்கும். ஆகவே யாருடைய பரிந்துரைக் கடிதத்தையும் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டாம்.

பக்கம் 4: கட்டடமும் பாதுகாப்பும்

2004 ஜூலை 16 அன்று இதே நகரில் நேர்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதை நேரில் அறிந்த ஊரில் பள்ளி நடத்துகிறோம் என்பதால், வசதிகளைப் பற்றிச் சொல்லும்போது இதிலிருந்தே தொடங்க விரும்புகிறோம். எங்கள் வளாகத்தில் சைக்கிள் நிறுத்தும் இடம் உட்பட எங்கும் ஓலைக் கூரை இல்லை. 22 வகுப்பறைகளும் கான்கிரீட் தளம் கொண்டவை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தரைத்தளத்தில் மட்டுமே நடைபெறுகின்றன. மாடிக்கு இரு முனைகளிலும் படிக்கட்டுகள் உள்ளன. வகுப்பறைக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கின்றன.

ஆண்டுக்கு இருமுறை முன்னறிவிப்பின்றி வெளியேற்றப் பயிற்சி நடத்துகிறோம். நீண்ட மணி ஒலித்ததும் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை மட்டும் கையில் எடுத்துக்கொள்வார். சிறுவர்கள் முடிச்சிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடிச்சுக்கு ஒருவராக, மைதானத்து வேப்பமரத்தடிக்கு வருவார்கள். அங்கே பெயர் படித்துத் தலை எண்ணப்படும். கடந்த முறை கடைசிக் குழந்தையும் வந்து சேர நான்கு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. அதை நான்கு நிமிடத்துக்குள் கொண்டுவர முயல்கிறோம்.

பக்கம் 5: பிற வசதிகள்

நூலகம், அறிவியல் ஆய்வகம், 20 கணினிகள் கொண்ட கணினி அறை, சுத்திகரிக்கப்பட்ட குடிநீர், ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஆகியவை உள்ளன. மைதானத்தில் கபடி, கோ-கோ, கைப்பந்து ஆடலாம். கிரிக்கெட்டுக்கு இடம் போதாது. நீச்சல் குளமும் குளிரூட்டப்பட்ட வகுப்பறைகளும் இல்லை. மதிய உணவு வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும், 12.15 மணி வரை வாயிற்காவலரிடம் பெயரும் வகுப்பும் எழுதிய கூடையைக் கொடுக்கலாம்.

தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம் வழித்தடங்களில் பள்ளி வேன் செல்கிறது. ஒவ்வொன்றிலும் ஓட்டுநருடன் பெண் உதவியாளர் ஒருவர் இருப்பார். பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் செய்யும் ஆய்வில் தேறிய வண்டிகள் மட்டுமே இயக்கப்படும்.

பக்கம் 6: கட்டணம்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கட்டண நிர்ணயக் குழு நிர்ணயிக்கிறது. எங்கள் பள்ளிக்கு அக்குழு வழங்கிய ஆணை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. கீழுள்ள ஆண்டுக் கட்டணம் அதற்கு உட்பட்டதே.

| வகுப்பு | ஆண்டுக் கட்டணம் | ஒரு தவணை |
|---|---|---|
| எல்.கே.ஜி., யு.கே.ஜி. | ரூ. 19,500 | ரூ. 6,500 |
| 1 முதல் 5 வரை | ரூ. 22,800 | ரூ. 7,600 |
| 6 முதல் 8 வரை | ரூ. 26,400 | ரூ. 8,800 |
| 9, 10 | ரூ. 29,700 | ரூ. 9,900 |

ஆய்வகம், கணினி, விளையாட்டு, ஆண்டுவிழா ஆகிய அனைத்தும் இத்தொகைக்குள் அடங்கும். அடங்காதவை மூன்று. புத்தகம், குறிப்பேடுகளுக்கு வகுப்பைப் பொறுத்து ரூ. 1,650 முதல் ரூ. 3,700 வரை ஆகும். வேன் கட்டணம் தாராசுரம் வழிக்கு மாதம் ரூ. 900, மற்ற வழிகளுக்கு ரூ. 1,300 என்ற கணக்கில் பத்து மாதங்களுக்கு மட்டும் பெறப்படும். சீருடையைப் பள்ளியில் விற்பதில்லை. துணி மாதிரியை அலுவலகத்தில் பார்த்து, எந்தக் கடையிலும் வாங்கித் தைத்துக்கொள்ளலாம். அளவை ஒரு விரற்கடை கூடுதலாக வைத்துத் தைத்தால் தைப்பொங்கலுக்குப் பிறகும் உதவும்.

எந்தத் தொகைக்கும் ரசீது தரப்படும். ரசீது தராமல் பள்ளியின் பெயரில் யாரேனும் பணம் கேட்டால், தலைமையாசிரியரிடம் நேரில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பக்கம் 7: 25 விழுக்காடு இடங்கள்

இந்த 15 இடங்களுக்குப் பள்ளியில் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அரசு அறிவிக்கும் நாட்களில் rte.tnschools.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிப்போரின் ஆண்டு வருமானம் ரூ. 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் பெறச் சில நாட்கள் ஆகும் என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பித்து வைப்பது நல்லது. இவ்வாறு சேரும் குழந்தைகளும் மற்றவர்களும் ஒரே வகுப்பில், கலந்தே அமர்வார்கள்.

பக்கம் 8: நாட்கள்

விண்ணப்பப் படிவம் 2026 மார்ச் 2, திங்கள் முதல் இலவசமாக வழங்கப்படும். மார்ச் 14, சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை பெற்றோர் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம்; அன்று கழிப்பறைகளும் வேன்களும் உட்பட எல்லாம் திறந்திருக்கும். நிரப்பிய படிவத்தை மார்ச் 28, சனிக்கிழமை மாலை 4 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். குலுக்கல் ஏப்ரல் 4, சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு நடைபெறும். பட்டியல் அன்று மாலையே வாயிலில் ஒட்டப்படும். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 18க்குள் முதல் தவணையைச் செலுத்தாவிட்டால், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குச் செல்லும். இரண்டாம் தவணைக்கு அக்டோபர் 10, மூன்றாம் தவணைக்கு 2027 ஜனவரி 9 கடைசி நாட்கள். பள்ளி திறக்கும் நாள் பள்ளிக்கல்வித் துறையின் அறிவிப்பைப் பொறுத்தது.

பக்கம் 9: கொண்டுவர வேண்டியவை

பிறப்புச் சான்றிதழின் நகல், முகவரிச் சான்று, குழந்தையின் இரண்டு புகைப்படங்கள் ஆகியவை படிவத்துடன் தேவை. ஆறாம் வகுப்பில் சேர்வோருக்கு முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் எமிஸ் எண்ணும் தேவைப்படும். அவற்றை இடம் உறுதியான பிறகு தந்தால் போதும். ஆதார் அட்டையோ சாதிச் சான்றிதழோ கையில் இல்லை என்பதற்காக எந்த விண்ணப்பமும் திருப்பி அனுப்பப்படாது. மூலச் சான்றிதழ்களைக் காட்டிவிட்டு அப்போதே எடுத்துச் செல்லுங்கள், நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

அலுவலகம் திங்கள் முதல் சனி வரை காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடப்படும். பகல் 1 முதல் 1.45 வரை உணவு இடைவேளை.