காப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கோரும் கடிதம்

12.03.2025

பெறுநர்:
அண்டர்ரைட்டிங் பிரிவு மேலாளர்

பொருள்: குடும்ப மருத்துவப் பாலிசி – புதுப்பிக்கும்போது காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்துதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எனக்கும் என் மனைவிக்கும் மகளுக்குமான பாலிசி 30.04.2025 அன்று முடிகிறது. 2019 முதல் விடுபடாமல் புதுப்பித்து வருகிறேன்; இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லை. பாலிசி எண்ணுள்ள புதுப்பிப்பு அறிவிப்பின் நகலை இணைத்திருக்கிறேன்.

தொகையை 10 லட்சமாக உயர்த்தக் கேட்கிறேன். அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையின் 1 சதவீதம் என்பதால், இப்போதைய தொகையில் தனி அறை எடுத்தால் மற்றச் செலவுகளிலும் விகிதப்படி பிடித்தம் வரும். கடந்த ஆண்டு என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பில்லில் கணிசமான பகுதி அவர் கையிலிருந்து போனது.

மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. எனக்கு (வயது 46) 2023 ஆகஸ்டில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை எடுக்கிறேன். கடந்த மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, அதாவது HbA1c, 6.8 சதவீதம். மருத்துவச் சீட்டும் ஆய்வக அறிக்கையும் இணைப்பில் உள்ளன. மனைவிக்கும் மகளுக்கும் நோய் எதுவும் இல்லை. மருத்துவப் பரிசோதனை தேவையென்றால் உங்கள் பட்டியலிலுள்ள ஆய்வகத்துக்கு எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன். செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

புதிய ஆய்வு கூட்டிய 5 லட்சத்துக்கு மட்டும்தான் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலமும் அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் புதிதாகத் தொடங்கும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பழைய 5 லட்சத்துக்கு நான் கடந்துவிட்ட காத்திருப்புக் காலமும் சேர்ந்த போனஸும் அப்படியே தொடர வேண்டும். இந்தப் பிரிப்பு பாலிசி அட்டவணையில் தனித்தனியாக அச்சாகி வரட்டும். வாய்மொழி உறுதி கிளெய்ம் நாளில் உதவாது.

கூடுதல் பிரீமியம் விதிப்பதாக இருந்தால் அதன் தொகையையும் காரணத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள். என் சம்மதம் பெற்ற பிறகே சேருங்கள். குறைந்த தொகைக்குத்தான் ஒப்புதல் என்றால், 7.5 லட்சம் கிடைக்குமா என்றும் பாருங்கள்.

முடிவு 20.04.2025க்குள் வந்தால் நல்லது. அதற்குள் வராவிட்டாலும், கோரிக்கை மறுக்கப்பட்டாலும், பழைய 5 லட்சத்துக்கே பாலிசியைப் புதுப்பிக்கக் கோருகிறேன். அந்தப் பிரீமியத்தைக் கடைசி நாளுக்கு முன்பே செலுத்திவிடுவேன். உயர்வுக்காகக் காத்திருந்து பாலிசி காலாவதியாவதை நான் விரும்பவில்லை.

இப்படிக்கு,
ம. கண்ணன்
பாலிசிதாரர்

இணைப்பு: புதுப்பிப்பு அறிவிப்பு, மருத்துவச் சீட்டு, ஆய்வக அறிக்கை, மூவருக்குமான உடல்நல அறிவிப்புப் படிவம்