மின்னோட்டவியல்: தேர்வுக்கு முந்தைய நாள் குறிப்புகள்

முதலில் மூன்று சமன்பாடுகள்: I = Q/t, V = W/Q, V = IR. நேரம் நிமிடத்தில் இருந்தால் வினாடிக்கு மாற்றிய பிறகே போடு. 2 A மின்னோட்டம் 5 நிமிடம் பாய்ந்தால் மின்னூட்டம் 2 × 300 = 600 கூலூம்; 10 என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

ஓம் விதி. மாறா வெப்பநிலையில், கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்த்தகவில் இருக்கும். "மாறா வெப்பநிலையில்" என்பதை விட்டால் விதியே முழுமையாகாது. வரைபடத்தில் V நிலை அச்சில் இருந்தால் சாய்வு R. I நிலை அச்சில் இருந்தால் சாய்வு 1/R. அச்சைப் பார்க்காமல் விடை எழுதாதே.

மின்தடை. R = ρL/A. கம்பியை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை என்னவாகும்? 2R அல்ல. கம்பியின் பருமன் மாறாததால் நீளம் இரட்டிக்கும்போது குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது, ஆகவே 4R. மின்தடை எண் ρ மட்டும் மாறாது, அது பொருளின் பண்பு. அலகு: ஓம் மீட்டர்.

இணைப்புகள். பெரிய கணக்கு பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். 6 Ω, 3 Ω, 18 V எடுத்துக்கொள்.

தொடரில் R = 9 Ω, I = 2 A இரண்டிலும் ஒன்றே. மின்னழுத்தம் 12 V, 6 V எனப் பிரியும்.

பக்க இணைப்பில் 1/R = 1/6 + 1/3 = 1/2. இங்கே நிறுத்திவிட்டு 0.5 Ω என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை; தலைகீழாக்கு, R = 2 Ω. மின்னழுத்தம் இரண்டுக்கும் 18 V, மின்னோட்டம் 3 A, 6 A, மொத்தம் 9 A. பக்க இணைப்பின் விடை எப்போதும் மிகச் சிறிய மின்தடையைவிடக் குறைவாக வரவேண்டும். வரவில்லையென்றால் கணக்கைத் திரும்பப் பார்.

அம்மீட்டர் தொடரில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். படத்தில் + − குறிகளை மறக்காதே.

வெப்பமும் திறனும். H = I²Rt; P = VI = I²R = V²/R. மின்னோட்டம் பொதுவானால் I²R, மின்னழுத்தம் பொதுவானால் V²/R எடு. ஒரே மின்னழுத்தத்துக்கான 40 W, 100 W இழை பல்புகளில் 40 W பல்புக்குத்தான் மின்தடை அதிகம். அதனால் தொடரில் இணைத்தால் அதுவே பிரகாசமாக எரியும். பக்க இணைப்பில் 100 W. காரணத்தோடு எழுதினால்தான் முழு மதிப்பெண்.

சூடேற்றும் சாதனங்களில் நிக்ரோம்: மின்தடை எண் அதிகம், உருகுநிலை அதிகம், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. மின் உருகிக்கு நேர்மாறாக உருகுநிலை குறைவாக இருக்கவேண்டும். சுற்றில் தொடராக இணைக்கப்படும்.

1 யூனிட் = 1 kWh = 3.6 × 10⁶ J. 1500 W ஹீட்டர் தினம் 2 மணி நேரம், 30 நாள்: 1.5 × 2 × 30 = 90 யூனிட். வாட்டைக் கிலோவாட்டாக்க மறந்தால் 90,000 என்று வந்து நிற்கும்.