அணித் தலைவர் பொறுப்பு தொடர்பாக

வட்டக்கச்சி,
03.06.2025

அன்புள்ள கழகத் தலைவர் அண்ணைக்கும் செயலாளர் அண்ணைக்கும்,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த வருடம் உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் தலைவர் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 2010இல் மீள்குடியேறி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, காட்டுத் தடி நட்டு, அதைக் கோல் கம்பம் என்று எங்களை விளையாட விட்டவர்கள் நீங்கள். அந்த மைதானத்தின் அணிக்குத் தலைவர் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணை, இந்தப் பொறுப்பை என்னால் ஏற்க முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக்கு ஒழுங்காக வர எனக்கு நேரமில்லை. கிளிநொச்சியில் கடை பூட்ட இரவு ஏழு மணி. பயிற்சி தொடங்குவது நாலரைக்கு. முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்பா சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சிறுபோகம் இரண்டு ஏக்கரும் இப்போது என் கையில். இரணைமடுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் வருகிறது. முறை இரவில் வந்தால் கடையால் வந்த உடுப்போடு மண்வெட்டியும் ரோச் லைட்டும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும். போன கிழமை அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். வக்கடை உடைத்து, மேல் வயலில் நிற்க வேண்டிய தண்ணீர் முழுவதும் கழிவு வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. அறுவடை முடிய ஆவணியாகும். பிறகு ஐப்பசியில் காலபோக விதைப்பு. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு மிஞ்சுகிறது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "பயிற்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, மட்ச் அன்றைக்கு வந்து நின்றால் போதும்" என்று ஒரு அண்ணை சொன்னார். அன்பில்தான் சொன்னார். எனக்கு அது மனதுக்கு ஒத்துவரவில்லை. போன வருட அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். சமநிலையாகி பெனால்டிக்குப் போனது. ஐந்தாவது உதைக்கு எங்கள் அணித் தலைவர் பள்ளிக்கூடம் போகும் அந்தச் சின்னத் தம்பியைக் கூப்பிட்டபோது, நான் உட்படப் பாதிப் பேருக்கு நெஞ்சு பக்கென்றது. தம்பி பந்தை வைத்தான், மூன்று அடி பின்னால் போனான், இடது மூலையில் கீழாக அடித்தான். வென்றோம். பிறகு கேட்டதற்குத் தலைவர் சொன்னார்: இரண்டு மாதமாக எல்லோரும் போன பிறகு அவன் தனியே நின்று அதே மூலைக்கு அடித்துக்கொண்டிருந்தானாம், இவர் வலைக்குப் பின்னால் நின்று பந்து எடுத்துக் கொடுத்தாராம். அன்றைக்கு நான் தலைவராக இருந்திருந்தால் அந்தத் தம்பியின் பெயர் என் வாயில் வந்திருக்காது. அவன் அடித்துப் பழகியதை நான் ஒரு நாள் கூடப் பார்க்கவில்லை.

அதோடு, பிந்தி வந்த ஒருவனை "ஏன்டா பிந்தினாய்?" என்று கேட்க வேண்டியவர் தலைவர்தானே. ஞாயிறு மட்டும் வருகிற நான் எந்த முகத்தோடு கேட்பது?

என் மனதில் இருக்கிற ஆள் எங்கள் கோல் காக்கும் தம்பி. வலை கட்டுவதும் அவன்தான், மாடு கலைப்பதும் அவன்தான், கோடு போட நீறு கரைப்பதும் அவன்தான். பின்னால் நின்று முழு மைதானத்தையும் பார்க்கிறவன். அவன் சத்தம் போட்டால் பின்வரிசையில் நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமலே இடம் மாறி நிற்போம். வயது குறைவு என்று மூத்தவர்கள் யோசிக்கலாம். அவர்களோடு நான் கதைக்கிறேன்.

நான் அணியை விட்டுப் போகவில்லை. ஞாயிறு பயிற்சிக்குக் கட்டாயம் வருவேன், மட்ச் நாட்களுக்குக் கடையில் முன்கூட்டியே லீவு சொல்லிவைப்பேன். ஆனால் ஒன்று: பயிற்சி குறைந்த என்னைப் பழைய மரியாதைக்காக முதல் பதினொருவரில் போட வேண்டாம். வெளியே இருத்தி வையுங்கள், தேவை என்றால் இறங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை கடை முடிந்து வரும்போது தலைவர் அண்ணை வீட்டுக்கு வருகிறேன். கூட்டத்தில் தந்த கைப்பட்டியையும் கொண்டுவருவேன். தம்பிமாருக்கு இதை ஞாயிறு மைதானத்தில் நானே சொல்ல வேண்டும். அதுவரை உங்கள் இருவரோடும் இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
6ஆம் இலக்க ஜேர்சி