வெட்டு மெசின் விஷயமாக மாமிக்கு, திருத்தி எழுதியது

மாமி, போன செவ்வாய்க்கிழமை நான் வட்ஸ்அப்பில் போட்டதைத் தயவுசெய்து கணக்கில் எடுக்காதீர்கள். இன்றைக்கு அதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்கி, மழை, ட்ரைவர், மெசின் பழுது, ஜனவரி வெள்ளம் என்று ஆள் ஆளுக்குக் கொஞ்சம் பழியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நீலக் கோடு இரண்டும் விழுந்தும் நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டது சரிதான். அதற்கு யார் என்ன பதில் எழுதுவார்கள்.

நடந்தது இதுதான். உங்கள் வயலை வெட்டித் தருவதாகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை மெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் கழன்றுவிட்டது, சாமான் கல்முனையிலிருந்து வரவேண்டும் என்று போனில் உங்களிடம் சொன்னது பொய். வியாழன் இரவு போடியார் கோல் எடுத்தார், முப்பது ஏக்கரும் ஒரே கண்டமாகக் கிடக்கிறது, காசு கையோடு தருகிறேன், விடியவே இறக்கிவிடு என்றார். உங்கள் நான்கு ஏக்கரை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம், அரை நாள் வேலைதானே. சொல்லவில்லை. சொன்னால் அவர் வேறு மெசின் பிடித்துவிடுவார் என்று பயந்தேன். நீங்கள் சொந்தக்காரர், கேட்டால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். அதாவது அவருடைய காசு போய்விடும் என்று பார்த்தவன் உங்கள் வெள்ளாமை போய்விடும் என்று பார்க்கவில்லை. இதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் இதுதான் வருகிறது.

ட்ரைவர் பொடியன் தன் இஷ்டத்துக்கு மெசினை அங்கே கொண்டுபோய்விட்டான் என்று நான் எழுதியதும் பொய்தான். அவன் விடிய எனக்குக் கோல் எடுத்து, "அண்ணன், அந்த அம்மாட வயல்தானே இண்டைக்கு?" என்று கேட்டான். நான்தான் போடியாரின் வயலுக்குப் போகச் சொன்னேன். அதன் பிறகு மச்சான் அவனை நாலு பேர் முன்னால் ஏசினபோது அவன் வாயைத் திறக்கவில்லை, என்னிடம் சம்பளம் வாங்குகிறவன் எப்படித் திறப்பான். அவனிடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். மச்சானிடமும் அவன் மேல் பிழையில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உங்கள் காதுக்கு வந்ததோ தெரியாது. உங்கள் வயல் ஏன் பிந்தியது என்று வட்டை விதானை என்னிடம் கேட்டபோது, "மாமி காசு விஷயத்தில் கொஞ்சம் இழுத்தா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இழுக்கவேயில்லை, முற்பணத்தைத் தை மாதமே தந்துவிட்டீர்கள். நேற்று விதானையிடம் போய், நான் சொன்னது பொய், அவ காசு முன்னமே தந்துவிட்டா, மெசினைத் திருப்பினது நான்தான் என்று சொன்னேன். பக்கத்தில் தரகரும் இன்னும் சில பேரும் நின்றார்கள். அவர்கள் நிற்கும்போதே சொன்னது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பொய்யும் அப்படி நாலு பேர் இருக்கும்போதுதான் சொல்லப்பட்டது.

மழை பெய்யும் என்று எனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தேன். வானிலை அறிக்கையை நீங்கள்தான் புதன்கிழமையே எனக்கு அனுப்பியிருந்தீர்கள், "மகன், சனிக்கு முன்னம் முடிச்சித் தா" என்று கீழே எழுதி. நான் அதற்குப் பெருவிரல் போட்டிருக்கிறேன். இன்னும் போனில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை நீங்கள் குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்து, மண்டூரில் இறங்கி, மெசின் பொடியன்மாருக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு வாடிக்குப் போனதை மச்சான் சொல்லித்தான் அறிந்தேன். பின்னேரம் வரை வாடியிலேயே இருந்தீர்களாம். அங்கிருந்து பார்த்தால் போடியாரின் வயலில் மெசின் ஓடுகிற தூசி தெரியும். பழுதாகிக் கிடக்கிறது என்று நான் சொன்ன மெசின் தூரத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பின்னேரம் நீங்கள் கோல் எடுத்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாமான் வந்திட்டா மகன்" என்று மட்டும் கேட்டீர்கள். நான் அப்போதும், இன்னும் இல்லை மாமி என்றேன்.

சனி இரவு மழை. விளைந்து தலை கனத்து நின்ற வெள்ளாமை அப்படியே சாய்ந்தது. தண்ணீர் வடிந்து மெசின் இறங்குகிற பதம் வரும்போது அடுத்த வியாழன் ஆகிவிட்டது, அதற்குள் பள்ளப்பக்கம் இரண்டு ஏக்கரில் கதிரிலேயே முளை விட்டிருந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குப் போடலாம், நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய் அறிவித்திருக்கிறார்கள், ரோட்டில் காயப்போட்டு 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நீங்கள் படங்கு கூட எடுத்து வைத்திருந்தீர்கள். முளைத்த நெல்லை அங்கே கொண்டுபோக வழியில்லை. வந்த வியாபாரிக்கு 80 ரூபாய்க்குப் போட்டீர்கள். பிள்ளையின் காப்பு அடகில் இருப்பதும், அறுவடைக் காசில் மீட்க நினைத்ததும் எனக்கு முன்னமே தெரியும்.

இதுக்கெல்லாம் மேலே நான் செய்த ஒன்று. சாய்ந்த வெள்ளாமை வெட்டினால் ஏக்கருக்கு மூவாயிரம் கூட எடுப்பது இங்கே வழக்கம், டீசல் கூட எரியும், நேரமும் போகும். அதை உங்களிடமும் எடுத்தேன். சாய்ந்ததே என்னால்தான், அதற்குக் கூலியும் உங்களிடமே வாங்கியிருக்கிறேன். நீங்கள் எண்ணித் தந்தீர்கள், நான் எண்ணி வாங்கினேன்.

ஜனவரி வெள்ளத்தில் எல்லோருக்கும்தான் விளைச்சல் குறைந்தது என்று போன முறை எழுதியதற்கும் பதில் சொல்லவேண்டும். குறைந்தது உண்மை. ஆனால் உங்கள் வரம்போடு ஒட்டின வயலும் அதே நவகிரித் தண்ணீர், அதே 94-1 விதை, ஒரே கிழமையில் விதைத்தது. அவர்கள் மழைக்கு முன்னமே வியாழக்கிழமை வேறு மெசின் பிடித்து வெட்டினார்கள், ஏக்கருக்கு 23 மூடை விழுந்தது, ஈர நெல்லாகவே கிலோ 100க்குப் போனது. உங்களுக்கு 18 மூடை. அந்த ஐந்து மூடை வெள்ளத்தில் போகவில்லை.

கணக்கை இப்படிப் போட்டேன், பிழை என்றால் திருத்துங்கள். மூடைக்கு 65 கிலோ. நான்கு ஏக்கரிலும் குறைந்துபோனது 20 மூடை, 1300 கிலோ, கிலோ 100 ரூபாய்ப்படி 130,000. கிடைத்த 72 மூடை 4680 கிலோ, அதில் கிலோவுக்கு 20 ரூபாய் நஷ்டம், அது 93,600. கூட எடுத்த வெட்டுக்கூலி 12,000. எல்லாமாக 235,600. சபை விலைப்படி பார்த்தால் இன்னும் கூட வரும், காய்ந்தால் நிறை எவ்வளவு இறங்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், அந்தக் கணக்கை நீங்கள் போட்டுச் சொன்னால் அதன்படி தருகிறேன், பேரம் பேசமாட்டேன். இப்போது என் கையில் 150,000 இருக்கிறது, போடியாரின் வெட்டில் வந்த காசுதான். மிச்சம் 85,600ஐச் சிறுபோக வெட்டு முடிகிற ஆவணிக்குள் தருவேன், மெசின் லீசிங் கட்டுவதால் ஒரேயடியாக முடியவில்லை. இது எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காகவும்தான் இங்கே எழுதுகிறேன், மச்சானுக்கும் காட்டுங்கள்.

ஈரத்தில் இறக்கியதால் பெல்ட் போட்ட பள்ளம் வயல் முழுக்கக் கிடக்கிறது, வாய்க்கால் பக்க மூலையில் வரம்பும் உடைந்திருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிறதற்கு முதல் ட்ரக்டர் விட்டு மட்டப்படுத்தி வரம்பையும் கட்டித் தருகிறேன். இதற்குக் காசு இல்லை. ஆள் பிடித்து நீங்களே செய்வதென்றால் அந்தக் கூலியைத் தருகிறேன்.

நேரில் வந்துதான் இதெல்லாம் சொல்லவேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். வராததற்குக் காரணம் ஒன்றுதான். நான் வாசலில் வந்து நின்றால் நீங்கள் தேத்தண்ணி ஊற்றித் தந்து, "சரி மகன், நடந்தது நடந்திட்டு" என்று சொல்லிவிடுவீர்கள். மனசில் இல்லாவிட்டாலும் சொல்லுவீர்கள், வீட்டுக்கு வந்தவனை வேறு என்ன செய்வது. உங்களை அப்படிச் சொல்லவைக்க எனக்கு விருப்பமில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். மெசின் வாங்கின வருடம் முதல் வெட்டுக்கு மாமா தன் வயலைத்தான் தந்தார், மற்ற ஆட்கள் புது மெசினை நம்பாத நேரம், அதைச் சொல்லி உங்கள் மனசை இளக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம், அது என் கணக்கில் இருக்கிற கடன்.

சிறுபோகத்துக்கு வேறு மெசின் பேசினால் பேசுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், யாரிடமும் ஒன்றும் கதைக்கவும் மாட்டேன். என்னையே கூப்பிட்டாலும், சொன்ன நாளில் மெசின் உங்கள் வாய்க்கால் கட்டில் நிற்காவிட்டால் அன்றைய வெட்டுக்கூலி வேண்டாம், இதை விதானையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமி, உங்களிடம் பொய் சொன்னேன், உங்கள் வெள்ளாமையை அழியவிட்டேன், உங்கள் பெயரையும் கெடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இதற்கு உடனே பதில் எழுதவேண்டும் என்றில்லை, எழுதவே வேண்டாம் என்றாலும் சரி, காசு வரும்.

150,000ஐ நாளைக் காலை மச்சான் கடையைத் திறக்கிற நேரத்தில் அவர் கையில் கொடுக்கிறேன், அடகு மீட்க அன்றைக்கே போகலாம். உங்கள் கையில்தான் தரவேண்டும் என்றால் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வந்து தந்துவிட்டுப் போகிறேன், தேத்தண்ணி வேண்டாம்.