ஸ்ட்ரெஸ்–ஸ்ட்ரெயின் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

மயூர் விஹார் ஞாயிறு வகுப்பு, சிவில் டிப்ளமோ மாணவர்களுக்கான குறிப்பு

படத்தின் வளைவை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் அச்சுகளைப் பாருங்கள். செங்குத்து அச்சில் ஸ்ட்ரெஸ், அதாவது தகைவு: சுமையைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது. கிடை அச்சில் ஸ்ட்ரெயின், அதாவது திரிபு: நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தது. மி.மீ.யை மி.மீ.யால் வகுப்பதால் திரிபுக்கு அலகு கிடையாது. லேபில் யுடிஎம் மெஷின் தருவது பல நேரம் சுமை–நீட்சி வரைபடமாக இருக்கும். அதைப் பரப்பாலும் நீளத்தாலும் வகுத்த பிறகுதான் இந்தப் படம் கிடைக்கும்.

12 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 113 ச.மி.மீ. அளவுக்குக் குறித்த நீளம், அதாவது கேஜ் நீளம், 60 மி.மீ. 22.6 கிலோ நியூட்டன் சுமையில் 0.06 மி.மீ. நீண்டது என்றால்:

ஸ்ட்ரெஸ் = 22600 / 113 = 200 N/mm²
ஸ்ட்ரெயின் = 0.06 / 60 = 0.001
E = 200 / 0.001 = 2 × 10⁵ N/mm²

இந்த E தான் தொடக்க நேர்கோட்டின் சரிவு, யங் குணகம். சுமையை இங்கேயே எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். புத்தகப் படத்தில் இந்த நேர்கோடு நன்றாகச் சாய்ந்து அகலமாகத் தெரியும். உண்மை அளவில் அப்படி இருக்காது. 250 N/mm² தகைவில் யீல்டு ஆகும் கம்பிக்கு அப்போதைய திரிபு 0.00125 தான், உடையும்போது 0.23 அளவுக்குப் போகும். கிடை அச்சை 23 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால் மீள்தன்மைப் பகுதிக்கு ஒன்றேகால் மி.மீ. மட்டுமே கிடைக்கும். கோடு செங்குத்து அச்சோடு ஒட்டிக்கொண்டே போகும். அதனால்தான் E கண்டுபிடிக்க எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டுகிறோம். மெஷின் தாடை நகரும் அளவை நம்பினால், பிடியில் கம்பி வழுக்குவதும் நீட்சியோடு சேர்ந்துவிடும்.

அடுத்து யீல்டு. டயல் உள்ள பழைய மெஷினாக இருந்தால் ஏறிக்கொண்டிருந்த முள் அப்படியே நிற்கும், சற்றுப் பின்வாங்கும். கம்பியின் மேலுள்ள கருஞ்செதில் உதிரத் தொடங்கும். முள் நின்றாலும் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். படத்தில் கோடு படுத்துக் கிடப்பது இந்த இடத்தில்தான். இதன் பிறகு சுமையை எடுத்தால் வந்த வழியே திரும்பாது. தொடக்கக் கோட்டுக்கு இணையாக இறங்கி, கிடை அச்சில் ஓரிடத்தில் நிற்கும். அந்தத் தூரம்தான் நிரந்தரத் திரிபு.

குளிர்நிலையில் முறுக்கிய கம்பிகளுக்கு இப்படித் தெளிவான யீல்டு தெரியாது. அப்போது கிடை அச்சில் 0.002 இல் தொடங்கி, தொடக்கக் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுங்கள். அது வளைவை வெட்டும் இடம் 0.2 சதவீத ப்ரூஃப் ஸ்ட்ரெஸ். ஏன் இணைகோடு என்பதற்கு விடை மேலே சொன்ன இறக்கத்திலேயே இருக்கிறது.

அப்புறம் கோடு மறுபடி ஏறி உச்சத்தைத் தொடும். அது அல்டிமேட் ஸ்ட்ரெஸ். அதன் பிறகு இறங்குவதைப் பார்த்து, கம்பி பலவீனமாகிவிட்டது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது தவறு. உச்சத்துக்குப் பிறகு கம்பியில் ஓரிடம் மட்டும் கழுத்துபோல ஒடுங்குகிறது. அங்கே பரப்பு குறைவதால் கம்பி தாங்கும் மொத்தச் சுமை குறைகிறது. நாமோ பழைய 113 ச.மி.மீ. பரப்பாலேயே வகுக்கிறோம். அதனால் கோடு இறங்குகிறது. ஒடுங்கிய பரப்பால் வகுத்துப் பாருங்கள், உண்மைத் தகைவு உடையும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

செங்குத்து அச்சு மட்டும் முக்கியம் என்று நினைக்காதீர்கள். நாம் இருப்பது டெல்லி. ஐஎஸ் 1893:2016 படி நிலநடுக்க மண்டலம் 4. இங்கே கம்பி உடையுமுன் எவ்வளவு நீளும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஐஎஸ் 1786 படி எஃப்இ 500 கம்பிக்குக் குறைந்தபட்ச நீட்சி 12 சதவீதம், எஃப்இ 500டி கம்பிக்கு 16 சதவீதம். யீல்டுக்கு இரண்டுக்கும் அதே 500 தான். வளைவுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு, உடையுமுன் கம்பி உள்வாங்கும் ஆற்றலைக் காட்டும்.

அடுத்த ஞாயிறு இதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்: 20 மி.மீ. கம்பி, கேஜ் நீளம் 100 மி.மீ. யீல்டு சுமை 163 கிலோ நியூட்டன், உச்சச் சுமை 190. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தால் 117 மி.மீ. இரண்டு தகைவுகளையும் நீட்சிச் சதவீதத்தையும் கண்டுபிடியுங்கள். எஃப்இ 500டி கம்பிக்கான நீட்சி அளவை இது எட்டுகிறதா என்றும் எழுதுங்கள்.