சனிக்கிழமை ஆடிஷன்: ஜட்ஜஸ் பேசினதோட சுருக்கம்

கமிட்டி குரூப்புக்கு. ரெக்கார்டிங் மொத்தம் ரெண்டே கால் மணி நேரம், ரெண்டு தடவை உக்காந்து கேட்டாச்சு. டிசம்பர் மத்தியான ஸ்லாட்டுக்கு வந்த அஞ்சு பேரைப் பத்தியும் எது நல்லா இருந்தது, எது இடிச்சது, என்ன பண்ணச் சொன்னாங்கன்னு எழுதியிருக்கேன். ஜட்ஜஸுக்குள்ள ஒத்துப்போகாத இடத்துல ரெண்டு பக்கத்தையும் அப்படியே விட்டுட்டேன், நானா நடுவுல ஒண்ணு கண்டுபிடிக்கல. போனை ஃபேனுக்கு நேர் கீழ வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல, அதனால சில இடம் காதுல விழல.

நம்பர் 1, வாய்ப்பாட்டு, அஞ்சு கட்டை

நல்லது: அட தாள வர்ணத்தை ரெண்டு காலத்துலயும் பாடினாங்க, பதினாலு அட்சரத்துல ஒரு இடத்துல கூட கை தடுமாறல. மிருதங்க சாரே "இந்த வயசுல இவ்ளோ நிதானமா"ன்னு சொல்றார், அவர் லேசுல பாராட்டுற ஆள் இல்ல.

குறை: பூர்விகல்யாணி ஆலாபனைல கீழ இறங்கும்போது தைவதம் ரெண்டு மூணு தடவை தணிஞ்சு போச்சு, உடனே பந்துவராளி எட்டிப் பாத்துடுச்சு. ரெண்டு ராகத்துக்கும் ரி, க, ம ஒண்ணுதான், தைவதம்தான் வேலி, அதையே விட்டா எப்படின்னு வாய்ப்பாட்டு மாமி கொஞ்சம் காரமாவே கேட்டாங்க. கிருதில தெலுங்கு வார்த்தைய தப்பான இடத்துல பிரிச்சு மூச்சு எடுத்ததும் சொன்னாங்க.

பண்ண வேண்டியது: தம்புரா போட்டுட்டு "ப த ப ஸ" பிடிய மட்டும் தினமும் மெதுவா பாடணும். சாகித்யத்த குரு கிட்ட அர்த்தம் கேட்டு எழுதி, எங்க மூச்சு விடலாம்னு பென்சில்ல கோடு போட்டுக்கணும்.

நம்பர் 2, வாய்ப்பாட்டு, ஒரு கட்டை

குரல பத்தி மூணு பேருக்கும் ஒரே சந்தோஷம், கீழ் ஸ்தாயில கூட கரகரப்பு இல்ல. பிரச்சனை ஸ்வரத்துல. பல்லவி எடுப்பு சமத்துல இருந்து அரை இடம் தள்ளி, ஆனா இவர் கோர்வை எல்லாம் சமத்துலயே முடியுது, அப்புறம் அந்த அரை இடத்துக்கு சும்மா காத்துக்கிட்டு நிக்கறார், பஸ் வராத ஸ்டாப்புல நிக்கற மாதிரி (இந்த உவமை மிருதங்க சாரோடது, எனக்கு வராது). நாலு கோர்வை போதும், ஆனா நாலும் எடுப்புக்கே வந்து விழணும், பேப்பர்ல கணக்கு போடாம கைல தாளம் போட்டே பழகணும்னார்.

கருத்து வேறுபாடு: இருபது நிமிஷத்துல ராகத்துக்கே பன்னெண்டு நிமிஷம் போச்சுன்னு மாமிக்கு கோபம். வயலின் சார் அந்த ராகம்தான் அன்னிக்கு கேட்டதுலயே நல்லதுன்னார். நான் மாமி பக்கம், நம்ம ஸ்லாட் ஒண்ணே கால் மணி நேரம்தான்.

நம்பர் 3, வயலின் சோலோ

வில் நீளம், நாதம் ரெண்டும் நல்லா இருக்கு. வேகமா தார ஸ்தாயி பஞ்சமத்துக்கு தாவும்போது விரல் ஒரு நூல் கூட போய் நிக்குது. தாவாம நழுவி ஏறிப் பழகச் சொன்னாங்க. இதுக்கு மேல பேசினது ஃபேன் சத்தத்துல போச்சு, வயலின் சார்கிட்ட போன்ல கேட்டு சேர்க்கறேன்.

நம்பர் 4, வீணை

இதுல நாம அவசரப்பட்டு மார்க் குறைக்கக் கூடாது. மோகனத்துல காந்தாரம் முழுக்க கொஞ்சம் இறங்கியே கேட்டது, முதல்ல பொண்ணு மேல தப்புன்னு பேசிட்டிருந்தாங்க, அப்புறம் வயலின் சார் எழுந்து போய் வீணைய வாசிச்சுப் பாத்தா மெழுகு இளகி ஒரு மெட்டு நகர்ந்திருக்கு. டிசம்பருக்கு முன்ன மேளம் கட்டிடணும். அவங்க குறைன்னு நின்னது ஒண்ணுதான்: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மீட்டறாங்க, கமகம் உடையுது. ஒரு மீட்டுல மூணு நாலு ஸ்வரம் இழுத்து வாங்கப் பழகணும். ராகத்தோட சாயல் அழகுன்னு மாமி ரெண்டு தடவை சொன்னாங்க.

நம்பர் 5, மிருதங்கம்

மிஸ்ர சாபுல தனி வாசிச்ச பையன். ஏழுக்குள்ள திஸ்ரம் வச்சு விளையாடினதுக்கு மிருதங்க சார் சிரிச்ச சத்தம் ரெக்கார்டிங்ல நல்லா கேக்குது. ஆனா பக்கவாத்தியமா உக்காந்தப்போ பாட்டு வரி பூரா மேல ஏறி அடிச்சுட்டான், சாகித்யமே கேக்கல. பாடற வரிய வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே வாசி, தானா குறையும்னார். கடைசி நம்பர்னு ரொம்ப நேரம் காத்திருந்ததுல தொப்பில ரவை காஞ்சு சத்தம் டொக்குன்னு ஆயிடுச்சு, முறை வர்றதுக்கு பத்து நிமிஷம் முன்ன திரும்பப் பூசிக்கணும்.

அவங்கவங்க பகுதிய மட்டும் தனித்தனியா அனுப்புங்க, பஸ் ஸ்டாப் வரிய எடுத்துட்டு. நம்பர் 1-க்கு போறதுல "காரமா"ங்கறதையும் எடுத்துடுங்க, ராகத்த பத்தினது அப்படியே இருக்கட்டும்.