புடவை, திரைச்சீலைத் துணி, பெட்ஷீட் தேங்கிய சரக்கு: மொத்த வியாபாரிகளுக்கு மட்டும்

கெய்சர் வீதி, கொழும்பு 11
2026 மார்ச் 4

எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்கார அன்பர்களுக்கு,

வணக்கம். சித்திரை வருடப்பிறப்புக்கான புதுச் சரக்கு இறங்கப் போகிறது. மேல்மாடியில் வைக்க இடம் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும் நான்கு வகைச் சரக்கை மொத்தமாகத் தள்ளிவிட முடிவு செய்திருக்கிறோம். விலை குறைவு. ஆனால் சரக்கு இருக்கிறபடியேதான் விற்கப்படும்: திருப்பி எடுக்க மாட்டோம், மாற்றித் தர மாட்டோம். அதனால் எதில் என்ன குறை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புடவை, 1,240. பருத்தி கலந்த பொலியெஸ்டர், இந்தியச் சரக்கு, டிசைன் கலந்தது. முன்பு 1,450 ரூபாவுக்குக் கொடுத்தோம், இப்போது 780 ரூபா. குறைந்தது 100 எடுக்க வேண்டும், டிசைன் பொறுக்க முடியாது, கட்டுக்கட்டாகத்தான். துணியில் கிழிசல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் வெள்ளிச் சரிகைக் கரை வைத்த கட்டுகளில் சரிகை கறுத்திருக்கிறது. விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கோடாகத் தெரியும். ஏறத்தாழ 60 புடவைகளில் பிளவுஸ் துண்டு இல்லை. அவை எந்தக் கட்டில் இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கவில்லை. கவர் பல கிழிந்திருக்கின்றன, அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மலையகத்திலும் மட்டக்களப்புப் பக்கமும் அன்றாடக் கட்டுக்கு இந்த ரகம் இன்னும் போகிறது. கொழும்பில் போகவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை.

திரைச்சீலைத் துணி, 86 ரோல். ஒரு ரோலில் 40 முதல் 45 மீற்றர் வரை, எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,600 மீற்றர். மீற்றர் 310 ரூபா. ரோலை வெட்டித் தர மாட்டோம். நிறம் மண்ணிறம், கத்தரிப்பூ, சாம்பல் மூன்றும்தான். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரோல்கள் யன்னல் பக்கம் நின்றவை, வெயில் பட்டு வெளிச்சுற்று இரண்டு மூன்று மீற்றர் வெளுத்திருக்கிறது. கத்தரிப்பூ நிறத்தில்தான் இது அதிகம். சில ரோல்களில் ஓரம் மட்டும் உள்ளே வரைக்கும் வெளுத்திருக்கலாம். நீளத்துக்கு ரோல் லேபிளில் எழுதியிருப்பதுதான் கணக்கு, நாங்கள் மறுபடி அளக்கவில்லை. பார்க்க வரும்போது உங்களுக்குப் பிடித்த ஒரு ரோலை மேசையில் போட்டு முழுவதும் அளந்து பாருங்கள், ஆள் தருகிறேன். வாங்கிய பிறகு மீற்றர் குறைகிறது என்று வரக்கூடாது.

பெட்ஷீட், 540 செட். டபிள் சைஸ், இரண்டு தலையணை உறையுடன். 505 செட் நல்ல நிலையில் இருக்கின்றன, பொலித்தீன்தான் மஞ்சளாகிவிட்டது. செட் 1,350 ரூபா. மீதி 35 செட் கடந்த நவம்பர் மழையில் கூரை ஒழுகி நனைந்தவை. காய வைத்து எடுத்தோம், ஆனால் நீர்க்கறை இருக்கிறது, சிலவற்றில் பூஞ்சணப் புள்ளியும் இருக்கிறது. அவற்றைச் சிவப்புக் கயிற்றால் தனியே கட்டி வைத்திருக்கிறோம்: செட் 650 ரூபா. அந்தக் கறை துவைத்தால் போகுமா என்று கேட்காதீர்கள், நான் உறுதி சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் தன் வாடிக்கையாளரிடமும் குறையைச் சொல்லியே விற்க வேண்டும்.

ஆண்கள் ஷேர்ட், 32 டசின். டசின் 7,800 ரூபா. M-உம் XXL-உம்தான் மிஞ்சியிருக்கின்றன, இடைப்பட்ட சைஸ் கிடையாது. வேறு குறை இல்லை.

தனித்தனியாக எடுத்தால் மொத்தம் 30,37,300 ரூபா வரும். நான்கையும் ஒருவரே எடுத்தால் 27 இலட்சம். இதற்குக் கீழே இறங்க மாட்டேன், ஃபோனில் பேரம் பேசிப் பார்க்க வேண்டாம். எல்லா விலைக்கும் மேல் 18 சதவீத வற் வரி உண்டு. முழுச் சரக்குக்கும் அது 4,86,000 ரூபா. வற் பதிவுள்ளவர்கள் இலக்கத்தைக் கொண்டு வந்தால் வரிப் பற்றுச்சீட்டு போட்டுத் தருவோம்.

இனி விற்பனை நிபந்தனை. பில்லிலும் இதே வாசகம் இருக்கும், கையெழுத்துப் போட்டுத்தான் சரக்கை ஏற்ற வேண்டும்.

சரக்கு இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது. தரம், சாயம் நிற்பது, அளவு, குறிப்பிட்ட தேவைக்குப் பொருந்துவது எதற்கும் எங்கள் உத்தரவாதம் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி தரம் பற்றித் தானாக வந்து சேரும் நிபந்தனைகள் இந்த விற்பனையில் இல்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம். மேலே எழுதிய குறைகளும், பார்த்தால் தெரியக்கூடிய மற்றக் குறைகளும் வாங்குபவருக்குத் தெரிந்தவை என்றே கொள்ளப்படும். பார்க்காமல் வாங்கினாலும் இதேதான்.

நாங்கள் உறுதி தருவது இரண்டே விஷயம். சரக்கு முழுவதும் எங்களுடையது, அதன் மேல் யாருக்கும் கடன் உரிமை கிடையாது. அப்புறம், எண்ணிக்கை. புடவை, செட், டசின், ரோல் எல்லாம் உங்கள் முன்னால் எண்ணித் தரப்படும். குறைந்தால் அந்த இடத்திலேயே கழித்துத் தருவோம். லொறி கதவு சாத்திய பிறகு எண்ணிக்கைப் பேச்சு இல்லை.

பணத்தில் 25 சதவீதம் முற்பணம் கட்டினால் உங்கள் பெயரில் மூன்று வேலை நாள் பிடித்து வைப்போம். அதற்குள் மீதி வராவிட்டால் முற்பணம் திரும்பக் கிடைக்காது, சரக்கு அடுத்தவருக்குப் போகும். காசு அல்லது வங்கி மாற்று. செக் கொடுத்தால் பணம் எங்கள் கணக்கில் விழுந்த பிறகுதான் ஏற்றலாம். பழைய வாடிக்கையாளர்கள் கோபிக்க வேண்டாம், இந்தச் சரக்குக்கு யாருக்கும் கடன் இல்லை. ஒரே சரக்குக்கு இருவர் வந்தால் முதலில் முற்பணம் கட்டியவருக்கு, முதலில் ஃபோன் எடுத்தவருக்கு அல்ல.

முழுப் பணமும் கட்டி ஐந்து நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும். அதன் பின் நாளுக்கு 2,000 ரூபா களஞ்சிய வாடகை. பணம் கட்டியதிலிருந்து சரக்குக்கு நேரும் சேதம் வாங்கியவர் பொறுப்பு, எங்கள் ஆட்களின் தவறால் வந்தால் ஒழிய. நாட்டாமைக் கூலியும் லொறிக் கூலியும் உங்களுடையவை. லொறியைக் காலை 7 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கொண்டு வாருங்கள். பகலில் கெய்சர் வீதிக்குள் லொறியை விட்டால் வெளியே எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

மார்ச் 5 முதல் 14 வரை, ஞாயிறு தவிர, காலை 9.30 இலிருந்து மாலை 4 வரை இரண்டாம் மாடியில் பார்க்கலாம். வரும் முன் இந்த வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி போடுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன் போல தூரத்துக் கடைக்காரர்களுக்கு வீடியோ அழைப்பில் கட்டுப் பிரித்துக் காட்டுவோம். ஆனால் வீடியோவில் நிறம் சரியாக விழாது, கொழும்பில் தெரிந்தவர் இருந்தால் அனுப்புவதே நல்லது. 14ஆம் திகதி மாலைக்குள் போகாத சரக்கின் விலையை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு.

சில்லறையாக ஒன்றிரண்டு கேட்டு வருபவர்களுக்கு இந்த விலை கிடையாது.

இப்படிக்கு,
உரிமையாளர்
மொத்த விற்பனைப் பிரிவு

பி.கு.: ரோல் அடுக்கியிருக்கும் இரும்பு ராக்கைகள் விற்பனைக்கு அல்ல. ஃபோட்டோ பார்த்துவிட்டு ஏற்கெனவே சிலர் கேட்டுவிட்டார்கள்.